எரிந்தது எவ்வளவு? தீக் காப்புறுதியும் நடுத்தீர்ப்பு வாசகமும்



கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் தையல் கடையும் புடைவைக் கடையும் சேர்த்து நடத்தும் ஒரு சகோதரி, தன் காப்புறுதிப் பத்திரத்தையும் கம்பனி அனுப்பிய கடிதத்தையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். இரவில் மின்கசிவினால் கடையில் தீப் பிடித்தது. பாதித் துணி எரிந்தது. மீதியில் பெரும்பகுதி தீயணைக்க ஊற்றிய தண்ணீரில் நனைந்தது. அவர் 9 இலட்சம் ரூபா கேட்டார். கம்பனியோ 4 இலட்சத்து 55 ஆயிரம் தருவதாக எழுதியிருந்தது. “இதை ஏற்காமல் கோட்டுக்குப் போகலாமா அக்கா?” என்பதுதான் அவருடைய கேள்வி.

உடனே போக முடியாது. காரணம் அவருடைய பத்திரத்தின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. அவர் அனுமதித்ததால் அந்தக் கடிதத்தை வைத்தே இம்மாதம் எழுதுகிறேன். எண்களை மட்டும் கணக்குப் பார்க்க வசதியாகச் சற்று எளிமைப்படுத்தியிருக்கிறேன்.

தீக் காப்புறுதிப் பத்திரங்களில் வெகுகாலமாக ஒரு நிபந்தனை இருந்து வருகிறது. ஆங்கிலத்தில் அதை ‘ஆர்பிட்ரேஷன் க்ளோஸ்’ என்பார்கள். தமிழில் நடுத்தீர்ப்பு வாசகம் எனலாம். அதன் சாரம் இதுதான்: நட்டத்தின் தொகை பற்றி உங்களுக்கும் கம்பனிக்கும் இடையே வேறுபாடு வந்தால், மற்ற எந்தக் கேள்வியோடும் கலக்காமல், அந்தத் தொகையை மட்டும் ஒரு நடுத்தீர்ப்பாளரிடம் விட வேண்டும். அவர் தொகையைச் சொன்ன பிறகுதான் பத்திரத்தின் கீழ் வழக்குப் போடலாம்.

நம் ஊர் மத்தியஸ்த சபையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபையில் இரு தரப்பும் மனம் ஒத்தால்தான் தீர்வு வரும். ஒத்துவராவிட்டால் எழுந்து போய்விடலாம். நடுத்தீர்ப்பு அப்படியல்ல. நடுத்தீர்ப்பாளர் ஒரு நீதிபதியைப் போல இரு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். அது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இருவரையும் கட்டும்.

“நான் கையெழுத்து வைக்காத நிபந்தனை என்னை எப்படித் தடுக்கும்?” என்று அந்தச் சகோதரி கேட்டார். கட்டணத்தைக் கட்டிப் பத்திரத்தை வாங்கியபோதே அதிலுள்ள நிபந்தனைகளும் சேர்ந்து வந்துவிட்டன. இந்தப் பழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1856இல் ஸ்கொட், ஏவரி என்ற இருவருக்கிடையிலான கப்பல் காப்புறுதி வழக்கில், அந்நாட்டுப் பிரபுக்கள் சபை இப்படிப்பட்ட நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தின் கதவை அடியோடு பூட்ட முடியாது, ஆனால் முதலில் தொகையை முடிவுசெய்துகொண்டு வா என்று சொல்லலாம் என்பதே அதன் கருத்து. நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் இருக்கிறது. நடுத்தீர்ப்புக்கு விட ஒத்துக்கொண்ட விடயத்தில் ஒருவர் வழக்குப் போட, மற்றவர் ஆட்சேபித்தால், அந்த வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று அதன் 5ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தரணிக்குக் காசு கொடுத்து வழக்கைப் போட்டு, முதல் தவணையிலேயே கம்பனி இந்த ஆட்சேபத்தை எழுப்பினால் காசும் காலமும் போய்விடும்.

ஆனால் இந்த வாசகத்துக்கு ஒரு வேலி உண்டு. அது ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு மட்டும் உரியது. ‘தருவதா, இல்லையா’ என்ற கேள்விக்கு உரியதல்ல. கம்பனியின் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் இதைத்தான் தேட வேண்டும். “உங்கள் நட்டத்தை ஏற்கிறோம், ஆனால் தொகை இவ்வளவுதான்” என்று எழுதியிருந்தால் அது தொகைத் தகராறு, நடுத்தீர்ப்புக்கு உரியது. “நிபந்தனையை மீறினீர்கள், எங்களுக்குப் பொறுப்பே இல்லை” என்று எழுதியிருந்தால் அது பொறுப்பு மறுப்பு. அப்போது தொகையைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. நேராக நீதிமன்றம் செல்லலாம்.

இந்த வேறுபாட்டை அறியாமல் வருடக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. இந்தியாவில் வல்கன் இன்சூரன்ஸ் கம்பனிக்கும் மகராஜ் சிங் என்பவருக்கும் நடந்த வழக்கில், தொழிற்சாலைத் தீக்குப் பணம் கேட்டவரிடம் கம்பனி பொறுப்பே இல்லை என்று சொல்லிவிட்டது. அவர் நடுத்தீர்ப்புக்கு விடும்படி கேட்டு நீதிமன்றம் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கம்பனி பொறுப்பை முற்றாக மறுத்தால் அது தொகை பற்றிய வேறுபாடு ஆகாது, நடுத்தீர்ப்பு வாசகம் அங்கே பொருந்தாது, அவர் நேரே வழக்குத்தான் போட்டிருக்க வேண்டும் என்று 1975இல் தீர்ப்பு வந்தது. இந்தியத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டாது. ஆனாலும் வாசகம் ஒன்றுபோல இருப்பதால் சட்டத்தரணிகள் அதை எடுத்துக் காட்டலாம்.

நம் மாவட்டத்தில் இந்த வேறுபாட்டுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2006 ஏப்ரல் 12ஆம் திகதி திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்ததும் நடந்த வன்செயலில் கடைகள் எரிக்கப்பட்டதை நம்மில் பலர் மறக்கவில்லை. சாதாரணத் தீக் காப்புறுதி, கலவரத்தில் வைக்கப்பட்ட தீக்குப் பணம் தராது. அதற்கென மேலதிகக் கட்டணம் கட்டி, கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பைச் சேர்த்திருக்க வேண்டும். “இது மின்கசிவல்ல, யாரோ வைத்த தீ, உங்களிடம் அந்தப் பாதுகாப்பு இல்லை” என்று கம்பனி சொன்னால், அது தொகைத் தகராறு போல எண்களோடு எழுதப்பட்டிருந்தாலும் உண்மையில் பொறுப்பு மறுப்புத்தான். இன்னுமொன்று: சில புதிய பத்திரங்களில் எல்லாத் தகராறுகளும் நடுத்தீர்ப்புக்கே என்று விரிவாக எழுதியிருக்கும். ஆகவே உங்கள் பத்திரத்தின் வாசகத்தை யாராவது வாசித்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள். என் கட்டுரையை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

இனி குறிஞ்சாக்கேணிக் கணக்குக்கு வருவோம். சண்டை பிடிக்குமுன் எந்த எண்ணில் சண்டை என்று தெரிய வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் பார்த்து “பாதிதான் தருகிறார்கள்” என்று கோபப்படுவதால் பயனில்லை. நாங்கள் முதலில் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதி, 4 இலட்சத்து 55 ஆயிரம் எப்படி வந்தது என்று பிரித்துக் காட்டும்படி கேட்டோம். மூன்று வாரத்தில் ஒரு தாள் வந்தது.

கடைச் சரக்குக்கு அவர் எடுத்திருந்த காப்புறுதித் தொகை 12 இலட்சம். அவர் 9 இலட்சம் நட்டம் என்றது துணிகளில் ஒட்டியிருந்த விற்பனை விலையை வைத்து. மதிப்பீட்டாளர் அதைக் கொள்விலைக்கு மாற்றி 7 இலட்சத்து 50 ஆயிரம் ஆக்கியிருந்தார். இதில் அவர் செய்தது சரி. சரக்குக் காப்புறுதி, துணியை மறுபடி வாங்க ஆகும் செலவைத் தருவது. விற்றிருந்தால் வந்திருக்கக்கூடிய இலாபத்துக்கு வேறு பாதுகாப்பு எடுக்க வேண்டும். அந்த ஒன்றரை இலட்சத்தை விட்டுவிடும்படி சகோதரியிடம் சொன்னேன். அவருக்கு அது கசப்பாகத்தான் இருந்தது.

அடுத்து, நனைந்த துணிகளுக்கு இன்னும் விலை உண்டு என்று 1 இலட்சத்து 50 ஆயிரத்தைக் கழித்திருந்தார். மிஞ்சியது 6 இலட்சம். புகை மணமும் கறையும் ஏறிய துணியை அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? 50 ஆயிரம் போனாலே பெரிது என்பது சகோதரியின் கணக்கு.

மூன்றாவதுதான் பெரிய வெட்டு. தீ நடந்த அன்று கடையில் 15 இலட்சம் பெறுமதியான சரக்கு இருந்தது, நீங்கள் 12 இலட்சத்துக்குத்தான் காப்புறுதி எடுத்தீர்கள், ஆகவே ஐந்தில் நான்கு பங்குதான் தருவோம் என்பது. இதற்கு ‘அவரேஜ்’ விதி என்று பெயர். இருந்ததை விடக் குறைவாகக் காப்புறுதி எடுத்தவர், குறைந்த பங்குக்கு நட்டத்தைத் தானே சுமக்க வேண்டும். கடை முழுதும் எரியாமல் பாதி எரிந்தாலும் இந்த விதி வரும். பலருக்கு இது தெரியாது. 6 இலட்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு 4 இலட்சத்து 80 ஆயிரம். அதிலிருந்து பத்திரப்படி காப்புறுதி எடுத்தவர் தாமே ஏற்க வேண்டிய முதல் 25 ஆயிரத்தையும் கழிக்க, 4 இலட்சத்து 55 ஆயிரம் வருகிறது.

அந்த 15 இலட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோதுதான் சகோதரி தலையில் கை வைத்தார். அலுமாரியில் அடுக்கியிருந்த துணிகளில் 3 இலட்சம் பெறுமதியானவை அவருடையவை அல்ல. பெருநாளுக்குத் தைக்க ஆட்கள் கொடுத்துவிட்டுப் போனவை. பிறர் நம்பி ஒப்படைத்த பொருள், பத்திரத்தில் தனியாகச் சொல்லப்படாவிட்டால், தீக் காப்புறுதியில் அடங்காது என்பது வழக்கமான நிபந்தனை. அவருடைய பத்திரத்திலும் அப்படியே இருந்தது. அடங்காத பொருளுக்குப் பணம் தரமாட்டோம் என்பது சரி. ஆனால் அதே பொருளைச் சரக்குக் கணக்கில் சேர்த்து, குறைவாகக் காப்புறுதி எடுத்தீர்கள் என்று வெட்டுவது சரியல்ல. அவருடைய சொந்தச் சரக்கு 12 இலட்சம். காப்புறுதியும் 12 இலட்சம். அப்படியானால் வெட்டே இல்லை.

ஆக, உண்மையான தகராறு இரண்டே இடத்தில். இரண்டிலும் அவர் சொல்வது ஏற்கப்பட்டால் 7 இலட்சத்து 50 ஆயிரத்தில் 50 ஆயிரமும் 25 ஆயிரமும் போக 6 இலட்சத்து 75 ஆயிரம் வர வேண்டும். கம்பனி சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் 2 இலட்சத்து 20 ஆயிரம். நடுத்தீர்ப்பாளர் ஒருவர் தீர்க்க வேண்டியது இவ்வளவுதான்.

நடுத்தீர்ப்பு எப்படித் தொடங்கும்? ஒரு கடிதத்தால். பத்திர இலக்கம், தீ நடந்த திகதி, கம்பனி சொன்ன தொகை, நீங்கள் கேட்கும் தொகை, எந்த இரண்டு எண்களில் வேறுபாடு என்பவற்றை எழுதி, இன்ன நிபந்தனையின்படி இதை நடுத்தீர்ப்புக்கு விடக் கேட்கிறேன், நடுத்தீர்ப்பாளராக இன்னாரை முன்மொழிகிறேன் என்று முடிக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இரு தரப்பும் ஒருவரையே ஏற்றால் அவர் தனியாக விசாரிப்பார். ஒத்துவராவிட்டால், பழைய வாசகத்தின்படி ஆளுக்கொருவரை நியமிக்க வேண்டும். அந்த இருவரும் விசாரணைக்கு முன்பே ஒரு நடுவரைத் தெரிந்துகொள்வார்கள். அவர்கள் முரண்பட்டால் முடிவு நடுவருடையது. கேட்டு இரண்டு மாதத்துக்குள் மறுதரப்பு தன் ஆளை நியமிக்காவிட்டால், நீங்கள் நியமித்தவரே தனித்து விசாரிக்கலாம் என்றும் அதில் இருக்கும். நியமனத்தில் முட்டுக்கட்டை வந்தால் உயர் நீதிமன்றத்திடம் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது.

நடுத்தீர்ப்பாளர் உங்கள் உறவினராகவோ கம்பனியில் சம்பளம் வாங்குபவராகவோ இருக்கக் கூடாது. நட்டத்தை மதிப்பிட்ட அதே மதிப்பீட்டாளரை நடுத்தீர்ப்பாளராக முன்மொழிந்தால் ஏற்காதீர்கள். தொகை கணக்கு சம்பந்தமானது என்பதால், ஒரு கணக்காளரோ துணி வியாபாரம் அறிந்தவரோ சில வேளை சட்டத்தரணியை விடப் பொருத்தமாக இருப்பார். எங்கே கூடுவது என்பதையும் இரு தரப்பும் பேசி முடிவுசெய்யலாம். கொழும்பில்தான் என்று எழுதப்படாவிட்டால் திருகோணமலையில் வைக்கும்படி முதல் கடிதத்திலேயே கேளுங்கள்.

விசாரணையில் உங்கள் வாய்ச்சொல்லை விடத் தாள்கள்தான் பேசும். கடைக் கொப்பிகள் எரிந்துவிட்டன என்று சோர்ந்துவிட வேண்டாம். உங்களுக்குத் துணி தந்த மொத்த வியாபாரியிடம் அவர் வெட்டிய பற்றுச்சீட்டின் பிரதி இருக்கும். வங்கிப் புத்தகத்தில் நீங்கள் கட்டிய பணம் இருக்கும். கைத்தொலைபேசியில் எடுத்த கடைப் படங்களும் உதவும். இந்தச் சகோதரியைக் காப்பாற்றியது தையல் ஓடர் கொப்பி. அதை அவர் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் இருந்தது. யார் எத்தனை யார் துணி கொடுத்தார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. நனைந்த துணிகளையும் கம்பனி எழுத்தில் சொல்லும்வரை எறிந்துவிடக் கூடாது. எறிந்தால் அவற்றின் விலையைப் பற்றி நீங்கள் சொல்வதை நிரூபிக்க எதுவும் இராது.

நடுத்தீர்ப்பாளர் சொல்வது முடிவானது. தொகை குறைவு என்பதற்காக மேன்முறையீடு செய்ய முடியாது. உரிய அறிவித்தல் தரவில்லை, உங்கள் பக்கத்தைச் சொல்ல விடவில்லை, விடப்படாத விடயத்தைத் தீர்த்தார் என்பன போன்ற சில காரணங்களுக்காக மட்டும், தீர்ப்புக் கிடைத்து 60 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் அதை நீக்கக் கேட்கலாம். கம்பனி பணம் தராவிட்டால் தீர்ப்பை நிறைவேற்றவும் அந்த நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

செலவையும் மறைக்கக் கூடாது. நடுத்தீர்ப்பாளருக்குக் கட்டணம் உண்டு, நீதிமன்ற நீதிபதியைப் போல அரசு சம்பளம் கொடுப்பதில்லை. மூவர் இருந்தால் கட்டணமும் மூவருக்கு. யார் எவ்வளவு கட்டுவது என்பதைத் தீர்ப்பில் சொல்வார்கள், ஆனால் முதலில் இரு தரப்பும் முன்பணம் வைக்க வேண்டிவரும். 2 இலட்சத்து 20 ஆயிரத்துக்காக மூன்று நடுத்தீர்ப்பாளர்களை அமர்த்துவது ஆட்டை விற்று மணி வாங்குவது போன்றது. ஒருவர் போதும், சாட்சி விசாரணை வேண்டாம், தாள்களை மட்டும் பார்த்துத் தீர்க்கட்டும் என்று இரு தரப்பும் உடன்பட்டால் செலவு வெகுவாகக் குறையும்.

அதனால் சிறிய தொகைகளுக்கு நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு. பிறகு இலங்கைக் காப்புறுதி ஒம்புட்ஸ்மன். இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விடயம் ஏற்கனவே நடுத்தீர்ப்பிலோ நீதிமன்றத்திலோ இருந்தால் அவர் எடுக்கமாட்டார் என்பதால் இதை முன்னால் செய்ய வேண்டும். அதேநேரம் நாட்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். பல பழைய பத்திரங்களில் கம்பனி மறுத்து 3 மாதத்துக்குள், அல்லது நடுத்தீர்ப்பு வந்து 3 மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமை போகும் என்றும், தீ நடந்து 12 மாதம் கழிந்தால் வழக்கோ நடுத்தீர்ப்போ நிலுவையில் இருந்தாலன்றிக் கம்பனிக்குப் பொறுப்பில்லை என்றும் இருக்கும். பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று பதினொரு மாதம் காத்திருப்பது ஆபத்து. ஒன்பதாம் மாதத்துக்குள் நடுத்தீர்ப்புக் கடிதம் போய்விட வேண்டும் என்பது என் கணக்கு.

இடையில் கம்பனி ஒரு தாளை நீட்டும். ‘முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக இத்தொகையைப் பெற்றுக்கொண்டேன்’ என்று அதில் இருக்கும். கடன்காரர் வாசலில் நிற்கும்போது அதில் கையெழுத்து வைக்கத்தான் மனம் வரும். வைத்தால், இனித் தகராறே இல்லை, நடுத்தீர்ப்புக்கு என்ன இருக்கிறது என்று கம்பனி கேட்கும். இந்தியாவில் நெஷனல் இன்சூரன்ஸ் கம்பனிக்கும் போகரா பொலிபப் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் இதே கேள்வி எழுந்தது. கையெழுத்து வைத்தாலொழியப் பணம் இல்லை என்றதால்தான் வைத்தோம் என்றார்கள் காப்புறுதி எடுத்தவர்கள். அது உண்மையா என்று விசாரிக்காமல் அந்தத் தாளை மட்டும் காட்டி நடுத்தீர்ப்பைத் தடுக்க முடியாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வற்புறுத்தினார்கள் என்று நிரூபிப்பது கையெழுத்து வைத்தவரின் தலையில்தான் விழும். அதைவிட, “ஒத்துக்கொண்ட 4 இலட்சத்து 55 ஆயிரத்தை முற்பணமாகத் தாருங்கள், மீதி பற்றிய என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை” என்று முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது. எல்லாக் கம்பனியும் சம்மதிக்காது. கேட்டதற்கு எழுத்தில் ஆதாரம் இருப்பதே பிற்காலத்தில் உதவும்.

இந்தச் சகோதரியின் கதை நடுத்தீர்ப்புவரை போகவில்லை. ஓடர் கொப்பியின் பிரதியோடு முறைப்பாடும், கூடவே ஒரே நடுத்தீர்ப்பாளரை முன்மொழியும் கடிதமும் போயின. அந்த 3 இலட்சத்தைக் கம்பனி கணக்கிலிருந்து நீக்கி, வெட்டையும் எடுத்துவிட்டது. நனைந்த துணியின் விலையில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியானால் விற்றுப் பார்ப்போம் என்று அவர் எழுதினார். கம்பனியே விலைமனுக் கேட்டு விற்றது. கிடைத்தது 65 ஆயிரம். அதையும் 25 ஆயிரத்தையும் கழித்து 6 இலட்சத்து 60 ஆயிரம் கொடுத்தார்கள். அதில் ஒரு பகுதியை வங்கி தன் கடனுக்கு எடுத்துக்கொண்டது, பத்திரத்தில் வங்கியின் பெயரும் இருந்ததால்.

கடைசியாக, அதே ஊரில் இன்னொரு சகோதரி காட்டிய பத்திரம் பற்றி. கடை அவர் நடத்துகிறார், பத்திரம் இறந்துபோன கணவரின் பெயரில். பொருள் வாரிசுரிமையால் கை மாறினால் அதனால் மட்டும் காப்புறுதி அற்றுப்போகாது என்றே வழக்கமான நிபந்தனை இருக்கும். ஆனாலும் தீக்குப் பிறகு உரித்தை நிரூபிக்கப் போனால், ‘எவ்வளவு’ என்பதற்கு முன்பே ‘யாருக்கு’ என்ற கேள்வி வந்து நிற்கும். நடுத்தீர்ப்பாளர் அதைத் தீர்க்கமாட்டார். மரணச் சான்றிதழையும் விவாகப் பதிவையும் வியாபாரப் பதிவையும் எடுத்துக்கொண்டு, அடுத்த கட்டணம் கட்டும் நாளில் பெயரை மாற்றச் சொல்லி எழுத்தில் கேட்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.